தெற்கே தடையில்லை என்று நினைத்த மாடி

சூரிய மின்பேனல் பொருத்த வந்த தம்பி மாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடிப்படி அறையின் தெற்குச் சுவரை ஒட்டிய இடத்தைக் காட்டினார். "இங்கேயே போட்டுவிடலாம் அண்ணா. வெயில் தெற்கிலிருந்துதான் வருகிறது. இந்த அறையின் நிழல் அந்தப் பக்கம் வடக்கே விழுந்துவிடும். பேனல் மேல் வரவே வராது" என்றார். மணி பதினொன்று. அவர் சொன்னதற்குச் சாட்சியாக அந்த இடம் முழுக்க வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அது மார்ச் மாத நடு.

எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு முறை முளையடித்து இறுக்கிவிட்டால் இருபது ஆண்டுகளுக்கு அசைக்க முடியாத பொருள் அது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் செய்த நிழல் கணக்கெடுப்பின் பதிவு இது.

முதலில் மாடியின் அமைப்பு. கிழக்கு மேற்காக 12 மீட்டர், வடக்குத் தெற்காக 9 மீட்டர். வடமேற்கு மூலையில் மூன்றுக்கு மூன்று மீட்டரில் மாடிப்படி அறை. அதன் உச்சி தளத்திலிருந்து 2.5 மீட்டர். அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் உச்சி 3.9 மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டர் கைப்பிடிச் சுவர். தென்மேற்கே, அடுத்த மனையில், மாடியைவிட உயர்ந்து நிற்கும் ஒரு பெரிய மரம். பொருத்தவேண்டியது ஆறு பேனல்கள். ஒவ்வொன்றும் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். நிமிர்த்தி ஒரே வரிசையில் வைத்தால் கிட்டத்தட்ட 6.8 மீட்டர் நீள வரிசை. தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு. தெற்கு விளிம்பு தளத்திலிருந்து 40 செ.மீ. உயரத்திலும் வடக்கு விளிம்பு 80 செ.மீ. உயரத்திலும் இருக்கும். இந்த இரண்டு உயரங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கிறது.

சூரியப் பாதை வரைபடம் என்பது ஓர் இடத்தில் நின்று வானத்தைப் பார்க்கும்போது சூரியன் எந்த மாதம், எந்த மணிக்கு, எங்கே இருக்கும் என்பதைக் கட்டமிட்ட தாளில் போட்டுக் காட்டுவது. படுக்கை அச்சில் திசைக்கோணம்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. செங்குத்து அச்சில் ஏற்றக்கோணம்: தொடுவானம் 0, தலைக்கு நேர் மேலே 90. மாதத்துக்கு ஒரு வளைகோடு. அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மணிக்கோடுகள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் சூரியக் கதிர்வீச்சு ஆய்வகம் இதற்கென்றே ஓர் இணையக் கருவி வைத்திருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, நேரவலயம் மூன்றையும் கொடுத்தால் வரைபடம் தருகிறது. கடிகார நேரமா, சூரிய நேரமா என்று கேட்கும். சூரிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் 12 மணி என்றால் சூரியன் சரியாகத் தெற்கு வடக்குக் கோட்டில் நிற்கும் நேரம்.

என் வீடு வட அட்சரேகை 11 டிகிரியில் இருக்கிறது. தாளைப் பார்த்ததும் ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். டிசம்பர் வளைகோடு ஒழுங்காகக் கிழக்கே எழுந்து, தெற்கே வளைந்து, மேற்கே இறங்கியது. ஜூன் வளைகோடோ இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு 66 டிகிரியில் தொடங்கி இடப்பக்கமாக ஏறித் தாளின் இடது ஓரத்தில் மறைந்தது. மறுதுண்டு வலது ஓரத்தில் முளைத்து 294 டிகிரியில் இறங்கியது. தெற்கின் பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை.

பிழை தாளில் இல்லை, என் மனத்தில். உச்சிப்பொழுதில் சூரியனின் ஏற்றக்கோணத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. 90-இலிருந்து, உங்கள் அட்சரேகைக்கும் சூரியனின் அன்றைய சாய்வுக்கும், அதாவது அன்று அது நேர் மேலே நிற்கும் அட்சரேகைக்கும், உள்ள வேறுபாட்டைக் கழிக்கவேண்டும். டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் தெற்கே 23.4 டிகிரியில் இருக்கிறது. எனக்கும் அதற்கும் 34.4 டிகிரி இடைவெளி. ஆகவே ஏற்றம் 55.6. ஜூன் 21-ஐ ஒட்டி அது வடக்கே 23.4-க்குப் போய்விடுகிறது. நான் நிற்பது வடக்கே 11-இல். சூரியன் என்னைத் தாண்டி வடக்கே 12.4 டிகிரி போய்விட்டது. ஏற்றம் 77.6, ஆனால் வடக்குப் பக்கம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தலைக்கு மேலே கடந்து போகும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் மறுபடி தலையைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நிழல் தெற்கே விழும். "வெயில் தெற்கிலிருந்து வரும்" என்ற பாடம் கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு முழு உண்மை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பாதிதான் உண்மை.

அடுத்த வேலை மாடியில் வடக்கைக் கண்டுபிடிப்பது. இதில்தான் இரண்டு நாள் போயிற்று.

கைப்பிடிச் சுவரின் மேல் திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்தேன். ஐயம் தீர இரண்டு மீட்டர் தள்ளி மறுபடி வைத்து, தொலைவில் தெரிந்த ஒரே கோபுரத்தைப் பார்த்தேன். கோபுரத்தின் திசை 11 டிகிரி மாறியிருந்தது. அவ்வளவு தொலைவில் இருக்கும் பொருள் நான் இரண்டு மீட்டர் நகர்ந்ததற்காக இடம்பெயராது. சுவருக்குள் ஓடும் கான்கிரீட் கம்பிகள் முள்ளை இழுக்கின்றன. கைப்பேசியின் திசைகாட்டியும் காந்தத்தை நம்பியே இயங்குவது. அதுவும் தளத்தில் வைத்தபோது தடுமாறியது. திசைகாட்டியைப் பைக்குள் போட்டேன்.

சரி, தூக்குக்குண்டின் நிழல் பொய் சொல்லாது. உச்சிப்பொழுதில் அதன் நிழல் வடக்குத் தெற்காக விழவேண்டும். என் வீடு நேரவலயத்தின் மையக் கோட்டுக்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம். எனவே சூரிய உச்சி கடிகாரத்தில் 12.20. அந்த நேரத்துக்குச் சரியாக நூலின் நிழல் மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஒன்றை மறந்திருந்தேன். சூரிய நாள் கடிகாரத்தோடு ஆண்டு முழுவதும் ஒத்துப்போவதில்லை. பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். மார்ச் நடுவில் 9 நிமிடம் பிந்துகிறது. உண்மையான உச்சி 12.29. ஒன்பது நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உச்சியில் சூரியன் தலைக்கு அருகில் இருக்கும்போது அது மிகப் பெரிய விஷயம். ஏற்றக்கோணம் 76 டிகிரியைத் தாண்டியிருக்கும் அந்த நேரத்தில் திசைக்கோணம் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஓடுகிறது. ஒன்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 டிகிரி. என் சுண்ணக்கட்டிக் கோடு வடக்கைக் காட்டவில்லை. அதற்கு 10 டிகிரி மேற்கே சாய்ந்திருந்தது. மாலையில் கோட்டை வைத்துக்கொண்டு மூன்று மணிச் சூரியனைப் பார்த்தபோது, வரைபடத்தில் இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. அப்போதுதான் பிடிபட்டது.

மறுநாள் காலை 8.30-க்கு மறுபடி நூலைத் தொங்கவிட்டேன். சூரிய நேரம் 8.01. அந்த நேரத்துக்குச் சூரியனின் திசைக்கோணம் 99 டிகிரி. காலை எட்டு மணிச் சூரியன் பெரும்பாலும் மேலேதான் ஏறுகிறது, பக்கவாட்டில் மெதுவாகவே நகர்கிறது. மணிக்கு நான்கைந்து டிகிரி. பத்து நிமிடம் தவறினாலும் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். ஓர் ஒட்டுப்பலகையில் 360 டிகிரி வட்டம் அச்சிட்ட தாளை ஒட்டி, நடுவில் ஆணி அடித்து வைத்திருந்தேன். நூலின் நிழல் ஆணியைக் கடந்து 279-இல் விழும்படி பலகையைத் திருப்பி, அதன் ஓரத்தை ஒட்டித் தளத்தில் கோடு கிழித்தேன். அரை மணி கழித்து மறுபடி பார்த்தேன். நிழல் வரைபடம் சொன்ன இடத்திலேயே இருந்தது. வடக்கு கிடைத்துவிட்டது. வெப்ப மண்டலத்தில் இருப்பவர்கள் நண்பகல் நிழலை விட்டுவிட்டுக் காலை நிழலைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இனி தடைகளை அளக்கலாம். ஏற்றக்கோணத்துக்குப் பள்ளிக் கோணமானி ஒன்றே போதும். அதன் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, மையத்திலிருந்து நூலில் ஒரு திருகுமரையைத் தொங்கவிட்டேன். குழல் வழியாகத் தடையின் உச்சியைப் பார்க்கும்போது நூல் 90-இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே ஏற்றக்கோணம். நான் பார்த்துச் சொல்ல, மகள் நூலைப் படித்து எழுதினாள். ஒருவரே பார்க்கவும் படிக்கவும் முயன்றால் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். சூரியனை மட்டும் குழல் வழியாகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். தேவையும் இல்லை, சூரியன் எங்கே என்பதை வரைபடமே சொல்கிறது.

முதல் அளவை நின்றபடி எடுத்தேன். மாடிப்படி அறையின் தென்கிழக்கு மூலை 44 டிகிரி. மகள் எழுதிக்கொண்டே, "அப்பா, பேனல் உங்கள் கண் உயரத்திலா இருக்கப்போகிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் கண் தளத்திலிருந்து ஒன்றரை மீட்டரில். பேனலின் வடக்கு விளிம்பு 80 செ.மீ. உயரத்தில். ஒரு முக்காலியின் மேல் கோணமானியை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, குனிந்து பார்த்தேன். அதே மூலை 59 டிகிரி. பதினைந்து டிகிரி வேறுபாடு. ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் சுவருக்கு இது நேரும். பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கும் மரத்துக்கோ நின்று பார்த்தாலும் குனிந்து பார்த்தாலும் இரண்டு டிகிரிதான் மாறியது. அருகில் உள்ள தடைக்கு அளக்கும் உயரம்தான் எல்லாம். தெற்கு விளிம்பின் 40 செ.மீ. உயரத்துக்கு மாடித் தளத்தில் குப்புறப் படுக்கவேண்டியிருந்தது. வெயில் ஏறிய பிறகு அதைச் செய்யவேண்டாம்.

வரிசையின் நடுவில் மட்டும் அளந்தால் போதாது. ஓரங்களில் உள்ள பேனல்களுக்கு உலகம் வேறு மாதிரித் தெரியும். தம்பி காட்டிய இடத்தில் வடக்கு விளிம்பின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்தேன். இங்கே நடுப்புள்ளியின் கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கதை முழுவதும் அதிலேயே இருக்கிறது.

அந்தப் புள்ளி மாடிப்படி அறையின் தெற்குச் சுவர்க் கோட்டுக்கு அரை மீட்டர் தெற்கே, அறையின் தென்கிழக்கு மூலைக்கு 90 செ.மீ. கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து அறையின் தென்மேற்கு மூலை 277 டிகிரித் திசையில், 23 டிகிரி உயரத்தில். தென்கிழக்கு மூலை 299-இல், 59 டிகிரி உயரத்தில். வடகிழக்கு மூலை 346-இல், 25 டிகிரி உயரத்தில். மூன்று புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்து நேர்கோட்டால் இணைக்கப் போனேன். அதுவும் தவறு. சுவரின் மேல்விளிம்பு நேராக இருந்தாலும் இந்தத் தாளில் அது வில்லாக வளையும். 277-க்கும் 299-க்கும் நடுவில் 290-இல் ஓர் அளவு எடுத்தபோது 49 டிகிரி வந்தது; நேர்கோடு 44 என்று சொல்லியிருக்கும். அருகில் உள்ள நீண்ட சுவருக்கு மூலைகளோடு நடுவில் இரண்டு புள்ளியாவது சேர்த்துக்கொள்ளவேண்டும்.

புள்ளிகளை இணைத்து உட்பக்கத்தைப் பென்சிலால் நிரப்பினேன். கூர்மையான ஒரு குன்று போல எழுந்தது. அதன் உச்சி ஜூன் வளைகோட்டின் மேல் போய் முட்டியது. முட்டிய இடத்தில் மணிக்கோடு 2. அதாவது ஜூன் மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் புள்ளி நிழலுக்குள் போனால், அதன் பிறகு சூரியன் 292, 291 டிகிரித் திசையிலேயே நேராகக் கீழே இறங்குகிறது. அந்தத் திசை முழுக்கச் சுவர். மறுபடி வெயில் மறுநாள் காலைதான். ஜூன் நாளில் இரண்டு மணிக்குப் பின் கிடைக்கும் நேர்வெயில், தெளிந்த வானத்தில், அந்நாளின் மொத்தத்தில் ஏறக்குறையக் கால் பங்கு.

இந்த நிலை எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் அதே தாளில் படிக்கலாம். சூரியன் நேர்மேலே கடக்கும் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கான வளைகோடு, மூன்று மணிக்கு 274 டிகிரியிலும் நான்கு மணிக்கு 276-இலும் இறங்குகிறது. குன்றின் அடிவாரம் தொடங்குவது 277-இல். மயிரிழையில் தப்புகிறது. அதற்கடுத்த வளைகோடுகள் எல்லாம் குன்றுக்குள் போகின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அந்த இடத்துக்குப் பிற்பகல் கிடையாது.

எனக்கு வியப்பாக இருந்தது தண்ணீர்த் தொட்டி. மாடியில் மிக உயரமான பொருள் அதுதான். எனக்கு முதலில் அச்சம் தந்ததும் அதுதான். அந்தப் புள்ளியிலிருந்து அது 310 டிகிரித் திசையில் 45 டிகிரி உயரம். அந்தத் திசையில் சூரியன் இருக்கும்போது அதன் உயரம் 70 டிகிரி. தொட்டியின் நிழல் அங்கே விழவே விழாது. குற்றவாளி, அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தாழ்ந்த, ஆனால் ஒட்டியிருக்கும் சுவர்.

முதல் நாள் போட்ட தவறான சுண்ணக்கட்டிக் கோட்டையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். குன்று முழுவதும் 10 டிகிரி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. நிழல் இரண்டு மணிக்குப் பதில் நான்கு மணியளவில் தொடங்குவதாகக் காட்டுகிறது. நான்கு மணிக்குப் பின் போனால் போகட்டும் என்று அங்கேயே பொருத்தச் சொல்லியிருப்பேன்.

நிழல் விழும் விதமும் மோசமானது. அறையின் நிழல் வடக்கு விளிம்பை ஒட்டிப் பட்டையாக விழுகிறது. நான்கு மணிக்கு அதன் அகலம் அரை மீட்டர்தான். பேனலின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் இழப்பு ஐந்தில் ஒரு பங்கோடு நிற்காது. பேனலுக்குள் செல்கள் நீளவாக்கில் மூன்று தொடர்களாக ஓடுகின்றன. தொடருக்கு ஒரு மாற்றுவழி டையோடு; நிழல் பட்ட தொடரை விட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்புவது அதன் வேலை. நிமிர்த்தி வைத்த பேனலின் மேல்விளிம்பில் குறுக்கே விழும் நிழல் மூன்று தொடர்களையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. முழுச் செல் பேனல் என்றால் அது கிட்டத்தட்ட அணைந்துவிடும். செல்களைப் பாதியாக வெட்டிய இப்போதைய பேனல்களில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இணையாக இருப்பதால் கீழ்ப்பாதி தப்பும். ஐந்தில் ஒரு பங்கு நிழலுக்குப் பாதி மின்சாரம் போகும்.

இதோடு முடிந்திருந்தால் வரிசையை ஒரு மீட்டர் தெற்கே தள்ளியே தீர்த்திருக்கலாம். ஆனால் தென்மேற்கு மரம் இருக்கிறது. வரிசையின் நடுவிலிருந்து அது 225 முதல் 245 டிகிரி வரை விரிந்து, 38 டிகிரி உயரம் நிற்கிறது. டிசம்பர் வளைகோடு இரண்டு மணிக்கு 220 டிகிரித் திசையில் 45 டிகிரி உயரத்தில், தப்பியது. மூன்று மணிக்கு 232-இல் 34. மரத்துக்குள். நான்கு மணிக்கு 239-இல் 22. இன்னும் மரத்துக்குள். இரண்டரையிலிருந்து மாலை வரை. நவம்பரிலிருந்து பிப்ரவரி நடு வரை இப்படித்தான். ஆக, வெயில் கொட்டுகிற இடம் என்று மார்ச் மாதத்தில் பதினொரு மணிக்குக் காட்டப்பட்ட அந்த இடம், ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் பிற்பகலை இழக்கிறது. நான்கு மாதம் வடக்கு அறையிடம், மூன்றரை மாதம் தெற்கு மரத்திடம். நல்ல வெயில் இருக்கும் மார்ச் மாதத்தில் நாங்கள் பார்த்ததுதான் விதி.

அடுத்து இரண்டு இடங்களைப் பார்த்தேன். வடகிழக்கு மூலை, அறைக்கு நேர் கிழக்கே, சீக்கிரம் தள்ளுபடியாயிற்று. மேற்கே சுவர் நிற்பதால் எல்லா மாதமும் மாலை நிழல். மிஞ்சியது தென்கிழக்கு மூலை. யாரும் அதைக் காட்டாததற்குக் காரணம் தெற்குக் கைப்பிடிச் சுவர். "சுவர் மறைக்கும்" என்று பார்த்தவுடனே தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் சுவர் 40 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளிம்புக்கு மேலே 60 செ.மீ.தான் நிற்கிறது. டிசம்பர் உச்சியில் அதன் நிழல் வடக்கே 41 செ.மீ. நீளும். மூன்று மணிக்கு 55 செ.மீ. நான்கு மணிக்கு 77. சுவரிலிருந்து 80 செ.மீ. விட்டால் போதும், துடைக்க ஆள் நடக்கவும் அந்த இடைவெளி வேண்டியதுதான்.

அங்கிருந்து மரம் 249 டிகிரித் திசைக்கு நகர்ந்துவிடுகிறது, உயரமும் 33-ஆகக் குறைகிறது. டிசம்பர் சூரியன் நான்கு மணி வரை அதன் இடப்பக்கமாகவே இறங்கி, பிறகுதான் மரத்துக்குள் போகிறது. அதற்குப் பின் வரும் வெயில் அந்நாளின் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. பிப்ரவரி இருபதை ஒட்டி நிழல் சற்று முந்தி, மூன்றரைக்கு வருகிறது. மாடிப்படி அறையோ ஜூனில் ஐந்து மணி வரை எட்டாது.

ஒரே ஒரு குறை. வரிசையின் மேற்கு மூலையில் படுத்துப் பார்த்தபோது மரம் 40 டிகிரி உயரம் காட்டியது. பிப்ரவரி வளைகோடு மூன்று மணிக்கே அதைத் தொட்டுவிடுகிறது. நடுப்புள்ளியில் மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது. அந்த ஒரு பேனலுக்காக மற்ற ஐந்தும் இழுபடக் கூடாது என்பதால், அதற்கு மட்டும் தனி மின்திறன் சீராக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மரம் வளரும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த முடிவு. இரண்டு மீட்டர் வளர்ந்தால் மரத்தின் உச்சி நடுப்புள்ளியிலிருந்து 33-இலிருந்து 38 டிகிரிக்கு ஏறும். பிப்ரவரி மாலையில் இன்னும் கால் மணி நேரம் போகும். அது தாங்கக்கூடியதே.

தாளை அப்படியே நம்பவும் மனம் வரவில்லை. அன்று மாலையே ஒரு சோதனை. மேற்கு மூலையில் 40 செ.மீ. உயரக் குச்சியை நட்டேன். மார்ச் நடுவின் வளைகோட்டைப் பிப்ரவரிக்கும் மார்ச் கடைசிக்கும் நடுவில் மதிப்பிட்டுப் பார்த்தால், சூரியன் மரத்தின் வலது ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு போகவேண்டும். சூரிய நேரம் மூன்று இருபதை ஒட்டி, கடிகாரத்தில் 3.50-ஐ ஒட்டி. 3.46-க்குக் குச்சியின் தலையில் இலை நிழல் ஆடத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் விலகியது. கோணமானியும் உறிஞ்சுகுழலும் வைத்து இதைவிடத் துல்லியம் கேட்பது பேராசை. என் அளவுகளில் இரண்டு டிகிரி தவறு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆவது இயல்பு.

தம்பி மறுபடி வந்தபோது தாளைக் காட்டினேன். குன்றையும் ஜூன் வளைகோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வடக்கே இருந்து நிழலா அண்ணா?" என்றார். "ஜூன் மாதம் வந்து பாருங்கள்" என்றேன். பேனல்களைத் தென்கிழக்கில், சுவரிலிருந்து 80 செ.மீ. தள்ளிப் பொருத்தினார். அவர் முதலில் காட்டிய இடத்தின் நடுப்புள்ளியில் 80 செ.மீ. உயரக் குச்சி ஒன்றை மட்டும் எடுக்காமல் விட்டுவைத்தேன்.

ஜூன் 21-இல் மேகம். 22-ஆம் தேதி பிற்பகல் வானம் திறந்தது. அந்த வாரத்தில் சூரியன் கடிகாரத்துக்கு இரண்டு நிமிடம் பிந்தும். வரைபடத்தின் இரண்டு மணி என்றால் கடிகாரத்தில் 2.22. அறையின் தென்கிழக்கு மூலை நிழல் தளத்தில் ஊர்ந்து வந்து, குச்சியின் அடியில் ஏறி, 2.27-க்கு அதன் தலையைத் தொட்டது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். தாம் அடுத்து வேலை செய்யவிருந்த மாடியின் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பியிருந்தார். அதில் மாடிப்படி அறை வடமேற்கில் இருந்தது.